நிகண்டும் அகராதியும் சந்திக்கும் கட்டம்

நுழையும்முன்

ஒரு தாளில் நான்கு பத்திகள், ஓர் எழுத்து, சில நிமிடங்கள். பெயர், ஊர், விலங்கு, பொருள் என ஒவ்வொரு பத்திக்கும் அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை எழுத வேண்டும். பள்ளி இடைவேளைகளிலும் மழைநாள் வகுப்பறைகளிலும் ஆடப்படும் இவ்விளையாட்டைப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளைக் கொண்டே ஆடுகின்றனர். அதனைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டு ஆடுவதே பொருத்தம் என்றும், அதற்கு எவ்வெவ்விதிகள் வேண்டும் என்றும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விளையாட்டின் அமைப்பு

இவ்விளையாட்டிற்கு உலகெங்கும் உறவினர் உண்டு. ஜெர்மனி நாட்டுச் சிறுவர்கள் நகரம், நாடு, ஆறு என்னும் மூன்று தலைப்புகளில் இதனை ஆடுகின்றனர். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு இது பெட்டியில் அடைத்து விற்கும் வணிக விளையாட்டாகவும் வெளிவந்தது. தமிழ்நாட்டிலோ இதற்குப் பெட்டியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கமே களம்.

ஆடுவோர் அனைவரும் தாளில் கோடுகள் இட்டுப் பத்திகளைப் பிரித்துக்கொள்கின்றனர். ஒருவர் மனத்துக்குள் எழுத்துகளை ஓட்டிக்கொண்டு வர, மற்றொருவர் 'நிறுத்து' என்கிறார். நின்ற எழுத்தே அச்சுற்றுக்கு உரியது. நேரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தாம் எழுதியதை உரக்கப் படிக்கின்றனர். வேறு எவரும் எழுதாத சொல்லுக்குப் பத்து மதிப்பெண். இருவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதிய சொல்லுக்கு ஐந்து. வெற்றுக் கட்டத்துக்குச் சுழியம். பல சுற்றுகளின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இம்மதிப்பெண் முறையை உற்றுநோக்கினால் விளையாட்டின் உள்ளக்கருத்து விளங்கும். இது சொல் அறிந்தவரை மட்டும் பாராட்டும் விளையாட்டன்று. பிறருக்குத் தோன்றாத சொல் எவருக்குத் தோன்றுகிறதோ அவரைப் பாராட்டும் விளையாட்டு. அறிந்த சொல் வேறு. வேண்டிய நொடியில் நாவிற்கு வரும் சொல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவையே இவ்விளையாட்டு அளக்கிறது.

மீமிசலில் ஒரு சுற்று

புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக் நீரிணையின் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின்மீது அமைந்த ஊர் மீமிசல். அவ்வூர்ப் பள்ளியொன்றில் நான்கு மாணவர் இவ்விளையாட்டை ஆடுவதாகக் கொள்வோம். எழுத்து மகர வரிசையில் நிற்கிறது. அவர்கள் எழுதியவை பின்வருமாறு அமையலாம்.

| ஆடுபவர் | பெயர் | ஊர் | விலங்கு | பொருள் | மதிப்பெண் |
|---|---|---|---|---|---|
| முதலாமவர் | முருகன் | மதுரை | மான் | மேசை | 20 |
| இரண்டாமவர் | மாலதி | மதுரை | மாடு | மேசை | 30 |
| மூன்றாமவர் | முருகன் | மதுரை | மான் | மணி | 25 |
| நான்காமவர் | மீனாட்சி | மீமிசல் | மிளா | மரக்கால் | 40 |

முதல் மூவருக்கும் ஊர் என்றதும் மதுரையே தோன்றியது. அவர்கள் அமர்ந்திருப்பதோ மீமிசலில். தினந்தோறும் பேருந்தின் நெற்றியிலும் கடைகளின் பெயர்ப்பலகையிலும் தங்கள் ஏடுகளின் முகப்பிலும் காணும் பெயர் அது. ஆயினும் மகரத்தில் ஓர் ஊர் என்று கேட்டபோது நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நகரம் வந்தது. காலடியில் உள்ள ஊர் வரவில்லை. இது அவர்தம் அறிவின் குறையன்று. நாடெங்கும் மிகுதியாகக் கேட்கப்படும் சொல் மனத்தின் வாயிலருகே நிற்கிறது. அதுவே முதலில் வெளிப்படுகிறது. அவ்வாறு வெளிப்படும் சொல் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால் அதன் மதிப்பும் பாதியாகிறது.

நான்காமவர் மற்றவரைவிட மிகுதியான சொற்களை அறிந்தவர் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. அவர் செய்தது ஒன்றே. மகரம் என்றதும் தோன்றிய முதற்சொல்லோடு நின்றுவிடாமல், ம, மா, மி, மீ, மு, மூ என்று வரிசையாக நடந்தார். 'ம' என்னும் படியில் மதுரையும் மணமேல்குடியும் இருந்தன. 'மா' என்னும் படியில் மானாமதுரையும் மாமல்லபுரமும் இருந்தன. 'மி' வறண்ட படி. அங்கு நிற்காமல் 'மீ' என்னும் படிக்கு ஏறியபோது தம் ஊர்ப்பெயர் தாமாகவே எதிர்ப்பட்டது. இன்னும் ஏறியிருந்தால் 'மு' என்னும் படியில் அருகிலுள்ள முத்துக்குடாவும், 'மே' என்னும் படியில் மேட்டூரும், 'மோ' என்னும் படியில் மோகனூரும் கிடைத்திருக்கும்.

விலங்குக்கும் அவர் அவ்வாறே நடந்தார். ஊரைத் தேடும்போது வறண்டிருந்த 'மி', விலங்கைத் தேடும்போது மிளாவைத் தந்தது. ஒரு பத்தியில் வெறுமையாக இருக்கும் படி மற்றொரு பத்தியில் நிறைந்திருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு பத்திக்கும் ஏணியின் அடிப்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரு வகைச் சொல்லடுக்கு

இவ்வாறு படிப்படியாக நடக்க வேண்டிய தேவை ஏன் எழுகிறது? தமிழில் சொற்களைத் தொகுத்த வரலாறு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் காலத்தால் முற்பட்டது திவாகரம். அது பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர், பல்பொருட்பெயர் என்பன அவற்றுள் முதல் ஆறு. இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குக. மக்கள், இடம், விலங்கு, பொருள் ஆகிய நான்கும் அதில் உள்ளன. இடைவேளையில் நாம் தாளில் இடும் நான்கு பத்திகளும் திவாகரத்தின் நான்கு தொகுதிகளே. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்ததாகக் கூறுவதற்கில்லை. உலகிலுள்ளவற்றை வகைப்படுத்த முற்படும் மனம், எக்காலத்தும் எந்நாட்டிலும் ஏறத்தாழ இத்தலைப்புகளையே வந்தடைகிறது என்பதே இதனால் பெறப்படும்.

நிகண்டு மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் இயற்றப்பட்டது. யானையைக் குறிக்கும் பெயர்கள் யாவும் அதில் ஓரிடத்தில் நிற்கும். சிங்கத்தின் பெயர்கள் அருகே நிற்கும். ஒரு சொல்லை நினைத்தால் அதன் பொருளோடு உறவுடைய சொற்கள் தொடர்ந்து வரும். ஆனால் மகரத்தில் தொடங்கும் விலங்குகளை மட்டும் எடுத்துத் தருமாறு நிகண்டைக் கேட்டால், விலங்கின் பெயர்த்தொகுதி முழுவதையும் ஓதிப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

அகராதி இதற்கு நேர்மாறானது. அகரம் முதலாகச் சொற்களை நிறுத்துவதால் அது அகராதி எனப் பெயர்பெற்றது. 1594ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அம்முறையை மேலும் விரித்தது. அகராதியில் மான், மானம், மானியம் ஆகியன அருகருகே நிற்கும். அவற்றுள் ஒன்று விலங்கு; ஒன்று பண்பு; ஒன்று பொருளுதவி. எழுத்தால் அண்டைவீட்டாரான இவர்களுக்குப் பொருளால் உறவில்லை. விலங்குகளை மட்டும் தருமாறு அகராதியைக் கேட்டால் அதற்கும் விடை சொல்லத் தெரியாது.

நம் விளையாட்டுத் தாளின் பத்தி நிகண்டைச் சேர்ந்தது. சுற்றின் எழுத்து அகராதியைச் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டமும் இவ்விரண்டும் குறுக்கிடும் இடம். எனவேதான் எளிய சொல்லும் அங்குத் தயங்கி வருகிறது. 'விலங்குகளைச் சொல்' என்றால் தடையின்றிச் சொல்வோரும், 'மகரத்தில் விலங்கு' என்றால் ஒரு கணம் திகைப்பது இதனால்தான். நம் நினைவு பெரிதும் நிகண்டைப் போல் பொருளுறவால் அடுக்கப்பட்டது. விளையாட்டோ அதனை அகராதியைப் போல் திறக்கச் சொல்கிறது.

இவ்வேறுபாட்டை மருத்துவரும் பயன்படுத்துகின்றனர். மறதிநோய் ஐயத்துடன் வருவோரிடம், ஒரு நிமிடத்தில் இயன்ற அளவு விலங்குகளின் பெயர்களைச் சொல்லுமாறும், பின்னர்க் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுமாறும் கேட்பது அவர்தம் சோதனை முறைகளுள் ஒன்று. பொருள்வழித் தேடலும் எழுத்துவழித் தேடலும் ஒன்றல்ல என்பதால்தான் இரண்டையும் தனித்தனியே அளக்கின்றனர்.

தமிழ் நெடுங்கணக்கு என்னும் ஏணி

நிகண்டாக அடுக்கப்பட்ட நினைவை அகராதியாகத் திறப்பதற்குத் தமிழ் மாணவரிடம் ஓர் ஏணி ஆயத்தமாக உள்ளது. அதுவே உயிர்மெய் வரிசை. ஒரு மெய்க்குப் பன்னிரண்டு படிகள். அவற்றைத் தொடக்கப் பள்ளியிலேயே மனப்பாடமாகக் கற்றுள்ளோம். எம் என்னும் ஆங்கில எழுத்தைப் பெற்றவருக்கு அது ஒரே பெரிய கதவு. அதற்குப் பின்னுள்ள பரப்பைத் தாமே பகுத்துக்கொள்ள வேண்டும். மகர வரிசையைப் பெற்றவருக்கோ பரப்பு பன்னிரண்டாகப் பகுக்கப்பட்டே கிடைக்கிறது. தேடும் இடம் சுருங்கச் சுருங்கச் சொல் விரைந்து தோன்றும்.

ஆனால் இவ்வேணி பயன்பட வேண்டுமாயின் ஒன்றை முன்னரே முடிவு செய்ய வேண்டும். 'ம' என்று அறிவித்தால் அது மகர உயிர்மெய் ஒன்றை மட்டும் குறிக்குமா, மௌ வரையிலான வரிசை முழுவதையும் குறிக்குமா? முன்னதாயின் மானும் முயலும் மீமிசலும் தள்ளப்படும். தமிழில் ஆடத் தொடங்கும் குழுக்கள் பல இவ்விடத்தில்தான் சச்சரவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புகின்றன. வரிசை முழுவதும் செல்லும் என்பதே தக்க விதி. தனியெழுத்து விளையாட்டை மிகக் குறுக்கிவிடும்.

அடுத்த வினா, எவ்வரிசைகளைச் சீட்டில் எழுதுவது என்பது. பதினெட்டு மெய்யும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச்சொல்லின் முதலில் நில்லா என்பது இலக்கணம். நன்னூலின்படி உயிர் பன்னிரண்டும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய மெய்கள் பத்தும் மொழிக்கு முதலாகும். இவற்றுள்ளும் முதல் ஆறு மெய்களே பன்னிரண்டு உயிரோடும் வரும். வகரம் எட்டு உயிரோடும், யகரம் ஆறு உயிரோடும், ஞகரம் நான்கு உயிரோடும், ஙகரம் ஓர் உயிரோடும் மட்டுமே வரும்.

தேர்வுக்காகப் படிக்கும் இவ்விதி, ஆடுகளத்தில் நேரடியாகப் பயன்படுவதைக் காணலாம். யகர வரிசையை எடுத்து ஆடிப் பாருங்கள். விலங்கு என்றால் நால்வரும் யானை என்றே எழுதுவர். ஊர் என்றால் யாழ்ப்பாணம். பொருள் என்றால் யாழ். அனைவருக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து. அங்குத் தேடல் நிகழவில்லை. இருப்பதை எடுத்து வைத்தல் மட்டுமே நிகழ்ந்தது. ஞகரமும் ஙகரமும் அதனினும் வறியவை. அமெரிக்கப் பெட்டி விளையாட்டிலும் எழுத்துப் பகடைக்கு இருபது முகங்களே உண்டு. சொல்வளம் குறைந்த ஆறு எழுத்துகளை அவர்களும் விலக்கியே வைத்தனர். எனவே யகர, ஞகர, ஙகரங்களை நாமும் விலக்கலாம்.

எஞ்சுவன க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழு வரிசைகள். உயிரெழுத்துகளைக் குறிலும் நெடிலுமாக இணைத்துக்கொண்டால் அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ என ஐந்து கிடைக்கும். ஐகார ஔகாரங்கள் தனித்து ஒரு சுற்றைத் தாங்கமாட்டா. ஆக மொத்தம் பன்னிரண்டு சீட்டுகள். இவை போதுமா என்பதை விலங்குப் பத்தியைக் கொண்டே சோதிக்கலாம். உயிரெழுத்துச் சீட்டுகளே ஐயத்துக்குரியன, அவற்றை எடுத்துக்கொள்வோம். அணில், ஆமை, இறால், ஈ, உடும்பு, எருமை, எலி, ஒட்டகம், ஓணான், ஓநாய். ஒரு சீட்டும் வெறுங்கையோடு திரும்பவில்லை. உயிரில் தொடங்கும் சொற்களுக்கு உயிர்மெய் ஏணி இல்லை. அங்கு இரண்டாம் எழுத்தைக் கொண்டு நடக்க வேண்டும். அக, அச, அட, அண, அத என்று சென்றால் 'அண' என்னும் படியில் அணில் கிடைக்கும். 'அற' என்னும் படியில் அறந்தாங்கி கிடைக்கும்.

ரகர லகரங்களில் தொடங்குவனவாக இன்று எழுதப்படும் சொற்களைப் பற்றிய ஐயமும் எழும். அவற்றுக்குச் சீட்டு இல்லை. ஆயினும் இராமநாதபுரம், இலங்கை என முறைப்படி எழுதினால் இகரச் சீட்டில் அவற்றுக்கு இடமுண்டு. இவ்வாறு ஒரு வரியில் தீர்த்துவிட்டால் நடுவில் வழக்கு எழாது.

முதலில் முடித்தவர் நிறுத்தலாமா?

பல இடங்களில் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை. எவர் முதலில் நான்கு கட்டங்களையும் நிரப்புகிறாரோ அவர் 'முடிந்தது' என்று குரல் கொடுப்பார். மற்றவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும். இவ்விதி விளையாட்டின் உயிரைப் பறிக்கிறது என்பது என் துணிபு.

1944ஆம் ஆண்டில் பூஸ்பீல்டு, செட்ஜ்விக் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், ஒரு வகையைச் சேர்ந்த சொற்களை மக்கள் எவ்வாறு நினைவிலிருந்து எடுத்துத் தருகின்றனர் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். தொடக்கத்தில் சொற்கள் விரைந்து வருகின்றன. நேரம் செல்லச் செல்ல வேகம் தளர்கிறது. அவை சீராக வராமல் சிறுசிறு கொத்துகளாக வருகின்றன. நம் அனுபவமும் இதுவே. விலங்கு என்றதும் மாடு, மான் என்று வந்து நிற்கும். சிறிது மௌனத்துக்குப்பின் முயல், முதலை, முள்ளம்பன்றி என்று மற்றொரு கொத்து வரும்.

இதன் பொருள் யாது? எல்லாருக்கும் தோன்றும் சொல் முதல் நொடிகளில் வருவது. ஒருவருக்கு மட்டும் தோன்றும் சொல் அம்மௌனத்தைக் கடந்து வருவது. மதிப்பெண் விதி அரிய சொல்லுக்குப் பத்து என்கிறது. நிறுத்தும் விதியோ அரிய சொல் வருமுன்னரே ஆட்டத்தை முடித்துவிடுகிறது. ஒரு விதி தருவதாகச் சொல்லும் பரிசை மற்றொரு விதி தடுக்கிறது. இறுதியில் வெல்பவர் விரைந்து எழுதும் கையை உடையவரே.

எனவே சுற்றுக்கு இரண்டு நிமிடம் என நேரத்தை வரையறுத்துவிட வேண்டும். நான்கு பத்திகளுக்குப் பத்திக்கு முப்பது நொடி வரும். முதற்சொல்லைச் சிறிதாகக் குறித்துவிட்டு ஏணியில் ஏறித் தேடவும், அதைவிட அரியது கிடைத்தால் அடித்துவிட்டு மாற்றி எழுதவும் இது போதும். விதி பயன் தருகிறதா என்பதை அடித்தல்களைக் கொண்டே கண்டறியலாம். தாளில் அடித்தல் ஒன்றும் இல்லையெனில் நேரம் போதவில்லை அல்லது எவரும் தேடவில்லை என்று பொருள்.

ஆடுவோர் எண்ணிக்கையும் இதனோடு தொடர்புடையது. நாற்பது பேர் கொண்ட வகுப்பு முழுவதும் ஒரே குழுவாக ஆடினால் மணமேல்குடியையும் எவரேனும் ஒருவர் எழுதியிருப்பார். எல்லாச் சொல்லும் ஐந்தாகிவிடும். இருவர் மட்டும் ஆடினால் மதுரைக்கும் பத்து கிடைத்துவிடும். நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவே பத்துக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது.

எந்தப் பத்தி, யார் நடுவர்?

நான்கு பத்திகளுள் வலுவற்றவை இரண்டு. பெயர்ப் பத்தியில் எவ்வொலியை எழுதினாலும் அது ஒருவருக்குப் பெயராக இருக்கலாம், மறுக்க வழியில்லை. பொருட் பத்தியின் எல்லை மிக விரிந்தது. உலகில் பொருளல்லாதது அரிது. எல்லை இல்லாத இடத்தில் தேடலும் இல்லை. ஆகவே இவ்விரண்டையும் குறுகிய தலைப்புகளாக மாற்றுவது நன்று. பெயர் என்பதற்குப் பதிலாக 'இலக்கியத்தில் இடம்பெற்ற மாந்தர்' என்று வைக்கலாம். பொருள் என்பதற்குப் பதிலாக, ஆடுவோர் வாழும் ஊரின் தொழிலைச் சார்ந்த ஒரு தலைப்பை வைக்கலாம்.

மீமிசலைப் போன்ற ஊருக்குக் 'கடல் தருவன' என்னும் பத்தி எத்துணைப் பொருத்தம் என்று பாருங்கள். ககரத்துக்குக் காரல், கிழங்கான், கொடுவா, கணவாய், சகரத்துக்குச் சூடை, சீலா, சுறா, தகரத்துக்குத் திருக்கை, நகரத்துக்கு நெத்திலி, நண்டு, பகரத்துக்குப் பாறை, மகரத்துக்கு மத்தி, மடவை, வகரத்துக்கு வாளை, ஊகாரத்துக்கு ஊளி, ஓகாரத்துக்கு ஓரா. கரையோரத்து மாணவருக்கு இவை ஏட்டில் கற்ற சொற்களல்ல, வீட்டில் கேட்டவை. விளையாட்டை ஆங்கிலத்தில் ஆடும்போது இவற்றுள் ஒன்றுகூடத் தாளில் ஏறுவதில்லை. விலங்குப் பத்தியில் குரங்குக்கும் எலிக்கும் உரிய ஆங்கிலப் பெயர்களே திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. ஓராவுக்கு ஆங்கிலப் பெயர் தெரியாத மாணவர், ஓராவையே தெரியாதவராகக் கணக்கிடப்படுகிறார். இவ்விழப்பு மதிப்பெண்ணோடு முடிவதன்று. எழுதப்படாத சொல் நாளடைவில் எழுதத் தகாத சொல்லாகவும் எண்ணப்படும்.

தமிழில் ஆடினாலும் இவ்விடர் முற்றும் நீங்கிவிடாது. 'அப்படி ஒரு சொல் புத்தகத்தில் இல்லை' என்று ஒருவர் கூறிவிட்டால், வட்டாரச் சொல்லை எழுதியவர் தலைகுனிந்து அதனை அடித்துவிடுகிறார். நடுவர் எவர் என்னும் வினா இங்கு முக்கியமாகிறது. அச்சிட்ட நூலை நடுவராக வைத்தால் நகரத்துச் சொல்லே வெல்லும். பெரும்பான்மையின் கையுயர்த்தலை நடுவராக வைத்தால் பலரும் அறிந்த சொல்லே வெல்லும். அரிய சொல்லுக்குப் பரிசு தரும் விளையாட்டில் அது முரண்.

என் பரிந்துரை வருமாறு. ஐயுறப்பட்ட சொல்லை எழுதியவர், அதனை மூன்று வாக்கியங்களில் விளக்க வேண்டும். பிறர் கேட்கும் ஒரு வினாவுக்கு விடையும் தர வேண்டும். ஓரா என்று எழுதியவர், அது ஒரு மீன் என்றும், பாறையிலும் கடற்பாசியிலும் மேயும் என்றும், அதன் முள் குத்தினால் கடுத்து வலிக்கும் என்றும் கூறினால் சொல் நிலைபெறும். பொய்யாகப் புனைந்த சொல் இச்சோதனையில் தங்காது. புனைந்தவர் பெயரை விரைந்து உண்டாக்கிவிடலாம். அதன் உருவம், இருப்பிடம், பயன் ஆகியவற்றை முன்பின் முரணின்றி உடனே உண்டாக்குதல் எளிதன்று. ஊர்ப்பெயருக்கும் இதுவே சோதனை: அவ்வூருக்கு எவ்வழியாகச் செல்வது என்று கேட்டால் போதும்.

மறுப்பும் விடையும்

ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் வாய்ப்பை மாணவர் இழந்துவிடுவரே என்று சிலர் வினவலாம். ஆங்கிலத்தில் ஆடுவதை நான் தடுக்கவில்லை. ஒரு நாள் அவ்வாறும் ஆடலாம். ஆனால் இவ்விளையாட்டு புதிய சொல்லைக் கற்பிப்பதில் வல்லதன்று. அறிந்த சொல்லைத் தேடி எடுக்கும் வழியைப் பழக்குவதே அதன் இயல்பு. தேடுவதற்கு முதலில் உள்ளே நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருக்கும் மொழியில் ஆடினால்தான் அரிய சொல் மேலெழும். சில நூறு சொற்களே அறிந்த மொழியில் ஆடும்போது அனைவரும் அதே சொற்களையே எழுதி ஐந்தைந்தாகப் பெறுவர்.

தமிழில் ஆடினால் நூல்வழக்குச் சொற்களை மனப்பாடம் செய்தவரே வெல்வர் என்பது மற்றொரு மறுப்பு. உழுவை என்றால் புலி என்று அறிந்தவர் உகரச் சீட்டில் பத்து பெறுவது உண்மையே. அதில் தவறில்லை, அச்சொல்லையும் அவர் விளக்கட்டும். ஆனால் அடுத்த பத்தியில் ஊளி என்று எழுதும் மீனவர் வீட்டு மாணவியும் அதே பத்தைப் பெறுகிறார். நூலறிவும் வீட்டறிவும் ஒரே தாளில், ஒரே மதிப்பெண்ணோடு நிற்கும் இடங்கள் பள்ளியில் மிகுதியாக இல்லை.

பன்னிரண்டு சீட்டுகள், வரிசை முழுவதும் செல்லும் என்னும் விதி, சுற்றுக்கு இரண்டு நிமிடம், நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழு, ஊருக்கு உரிய ஒரு பத்தி, விளக்கினால் நிலைபெறும் சொல்: வேண்டுவன இவையே. இவற்றைக் கொண்டு ஆடப்படும் ஒரு சுற்றின் தாளைச் சேர்த்து வைத்தால், அது அவ்வூரின் சிறு நிகண்டாகவும் சிறு அகராதியாகவும் விளங்கும். அதில் மதுரை ஒரு முறை இடம்பெறட்டும். மீமிசலும் ஒரு முறையேனும் இடம்பெற வேண்டும்.